குவோர்டிலில் ஒரு சொல்லை நான்கு பலகைகளுக்கும் வேலை செய்ய வைப்பது எப்படி?

*“சேர், நானும் தங்கச்சியும் ஹட்டனில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குவோர்டில் விளையாடுகிறோம். ஒரு பலகையைப் பிடித்து, அதை முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போவோம். மூன்று பலகைகள் எப்படியோ முடிந்துவிடும். நான்காவதில் இரண்டு மூன்று சொற்கள் மிஞ்சி நிற்கும்போது வாய்ப்பு தீர்ந்துவிடுகிறது. ஒரு சொல்லை நான்கு பலகைகளுக்கும் உதவுகிற மாதிரி எப்படிப் போடுவது? எந்தப் பலகையை முதலில் முடிப்பது?”*

முதலில் ஒரு சிறிய கணக்கைப் பார்த்துவிடுவோம். நீங்கள் போடும் ஒவ்வொரு ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லும் நான்கு பலகைகளிலும் ஒரே நேரத்தில் விழும்; ஒவ்வொரு பலகையிலும் மறைந்திருக்கும் வெவ்வேறு சொல்லைக் கண்டுபிடிக்க குவோர்டில் உங்களுக்கு 9 வாய்ப்புகளைத் தருகிறது. அவற்றில் 4 வாய்ப்புகள் நான்கு விடைகளையும் தட்டெழுதுவதற்கே போய்விடும். எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்த நான்கையும் குறைக்க முடியாது. ஆகவே தேடுவதற்கும் தவறுவதற்கும் உங்களிடம் உண்மையில் இருப்பவை 5 வாய்ப்புகள் மட்டுமே. ஒரே பலகை கொண்ட வேர்டிலில் 6 வாய்ப்புகள், இரண்டு பலகைகள் கொண்ட டோர்டிலில் 7, எட்டுப் பலகைகள் கொண்ட ஆக்டோர்டிலில் 13 என்று இந்தக் குடும்பத்தின் மற்ற ஆட்டங்களைப் பார்த்தாலும், பலகைகளின் எண்ணிக்கையோடு ஐந்தைக் கூட்டினால் வாய்ப்புகளின் எண்ணிக்கை வந்துவிடும். பலகைகள் பெருகினாலும் உபரி பெருகுவதில்லை. ஒரு பலகைக்குக் கிடைத்த அதே ஐந்தை நான்கு பலகைகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்பதால்தான், ஒரு பலகைக்காக மட்டும் ஒரு வாய்ப்பைச் செலவழிப்பது இங்கே கட்டுப்படியாவதில்லை.

ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலும் மிஞ்சியிருக்கும் வாய்ப்புகளிலிருந்து முடியாத பலகைகளின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதை நான் மிச்சம் என்று சொல்வேன். தொடக்கத்தில் மிச்சம் 5. ஒரு பலகையை முடிக்கும் சொல்லைப் போட்டால் வாய்ப்பும் ஒன்று குறைகிறது, பலகையும் ஒன்று குறைகிறது. மிச்சம் அப்படியே இருக்கும். எந்தப் பலகையையும் முடிக்காத சொல்லைப் போட்டால் மட்டுமே மிச்சம் ஒன்று குறையும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையில் பாதி இதற்குள் இருக்கிறது: உறுதியாகத் தெரிந்த விடையை எப்படியும் ஒரு நாள் தட்டெழுதத்தான் வேண்டும், அதற்கு மிச்சத்திலிருந்து எதுவும் போவதில்லை, ஆனால் அதிலுள்ள புதிய எழுத்துகள் மற்ற மூன்று பலகைகளிலும் நிறம் காட்டும். ஆகவே உறுதியான விடையில் மற்றவற்றுக்கு வேண்டிய எழுத்து இருந்தால் அதை உடனே போட வேண்டும். இல்லாவிட்டால் அது கடைசிவரை காத்திருந்தாலும் நட்டமில்லை. மீதிப் பாதியை ஓர் ஆட்டத்தை முழுதாக வைத்துப் பார்த்தால்தான் தெளிவாக விளங்கும்.

என்னுடைய முதல் மூன்று சொற்கள் பெரும்பாலும் STARE, CLOUD, WHINY. இவற்றில் ஓர் எழுத்தும் இரண்டாம் முறை வருவதில்லை. எனவே மூன்று வாய்ப்புகளில் 15 எழுத்துகள் சோதிக்கப்படுகின்றன. ஐந்து உயிரெழுத்துகளும், ஆங்கிலத்தில் பல இடங்களில் உயிரெழுத்தின் வேலையைச் செய்யும் Y எழுத்தும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. சோதிக்கப்படாமல் மிஞ்சுபவை B, F, G, J, K, M, P, Q, V, X, Z ஆகிய பதினொன்று. அவற்றிலும் J, Q, X, Z அபூர்வமாக வருபவை. ஆக, மூன்றாவது சொல்லுக்குப் பிறகு நான்கு பலகைகளிலும் உள்ள சந்தேகம் அநேகமாக B, F, G, K, M, P, V என்ற ஏழு எழுத்துகளைப் பற்றியதாகவே இருக்கும். வெவ்வேறு பலகைகள் ஒரே எழுத்தைத் தேடிக் காத்திருப்பதற்குக் காரணம் இதுதான். பங்கிடுவது சாத்தியமாவதும் இதனால்தான்.

இனி ஆட்டம். மேல் இடப்பக்கத்தை முதலாம் பலகை, மேல் வலப்பக்கத்தை இரண்டாம் பலகை, கீழே உள்ளவற்றை அதே வரிசையில் மூன்றாம், நான்காம் பலகைகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சொற்களையும் போட்ட பிறகு நிலைமை இப்படி இருக்கிறது. முதலாம் பலகையில் T, A, C, H நான்கும் மஞ்சள், அதாவது சொல்லில் உண்டு, ஆனால் நான் வைத்த இடங்களில் இல்லை. இரண்டாம் பலகையில் L இரண்டாம் இடத்தில் பச்சை, அதாவது சரியான இடத்திலேயே இருக்கிறது; U மஞ்சள்; மற்ற எல்லாமே சாம்பல், அதாவது அந்தப் பலகையின் விடையில் இல்லை. மூன்றாம் பலகையில் A, O, D மூன்றும் மஞ்சள். நான்காம் பலகையில் O நடுவிலும் E கடைசியிலும் பச்சை, R மஞ்சள்.

இந்த இடத்தில் அவசரப்படாமல் ஒவ்வொரு பலகைக்கும் இன்னும் பொருந்தக்கூடிய சொற்களை எழுதிப் பார்க்க வேண்டும். நான் கொப்பியின் ஒரு பக்கத்தை நான்காக மடித்து, மடிப்புகளுக்கு இடையில் ஒவ்வொரு பலகைக்குமான சொற்களை எழுதுவேன். மனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு பலகைகளுக்கு மேல் வைத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தில் இப்போது இருப்பவை இவை:

```
1: BATCH HATCH MATCH PATCH
2: BLUFF FLUFF PLUMB PLUMP
3: DOGMA VODKA
4: BROKE FROZE GROPE GROVE PROBE PROVE
```

கையில் 6 வாய்ப்புகள், முடிக்க வேண்டியவை 4 பலகைகள், மிச்சம் 2.

நீங்கள் இப்போது செய்யக்கூடியதை முதலில் பார்ப்போம். முதலாம் பலகைதான் கண்ணை இழுக்கும்; நான்கு எழுத்துகள் கைக்கு வந்துவிட்டன, முதல் எழுத்து மட்டுமே தெரியவில்லை, ஒரு தட்டில் முடிந்துவிடும் போல் தோன்றும். BATCH போடுகிறீர்கள், தவறினால் மிச்சம் 1. HATCH போடுகிறீர்கள், தவறினால் மிச்சம் 0. MATCH போடுகிறீர்கள், தவறினால் கையில் 3 வாய்ப்புகளும் முடியாத 4 பலகைகளும் நிற்கின்றன. PATCH என்பது இப்போது உறுதியாகத் தெரியும், ஆனாலும் ஆட்டம் தோற்றுவிட்டது. நான்காவது பலகையில் சொற்கள் மிஞ்சியதால் தோற்றதாக உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான். உண்மையில் ஆட்டம் கைவிட்டுப் போனது நடுவில், இந்த முதலாம் பலகையை விடாமல் துரத்திய இடத்தில். நான்கு பச்சைகள் கிடைத்த பலகை அநேகமாக முடிந்த பலகை என்று நினைப்பது இந்த ஆட்டத்தில் மிகவும் விலையுயர்ந்த தவறு. ஒரே எழுத்து மட்டும் மாறும் சொற்கூட்டத்தில் ஒவ்வொரு ஊகமும் ஒரேயொரு சொல்லை மட்டுமே நீக்குகிறது. மற்ற நான்கு எழுத்துகளும் ஏற்கனவே தெரிந்ததையே திருப்பிச் சொல்கின்றன. ATCH கூட்டம் மட்டுமல்ல, IGHT, OUND, OWER என்று முடியும் கூட்டங்களும் இப்படித்தான் வாய்ப்புகளைத் தின்னும்.

அப்படியானால் என்ன போடுவது? இங்கே கேள்வியையே மாற்ற வேண்டும். ‘எந்தப் பலகையை முடிக்கலாம்?’ என்று கேட்காமல், ‘ஒவ்வொரு பலகைக்கும் எந்த எழுத்து வேண்டும்?’ என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது தனியாக இருந்து அல்ல. பண்டாரவளையிலிருந்து நானுஓயாவுக்குப் புகையிரதத்தில் போகும்போது எதிரெதிர் இருக்கைகளில் நாங்கள் நான்கு பேர் ஒரு போனை வைத்து விளையாடுவோம். ஆளுக்கு ஒரு பலகை. இதல்கஸ்ஹின்னையைத் தாண்டிச் சுரங்கங்கள் தொடங்கும் இடத்தில் எவரும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரத்தில் இருந்த சக ஆசிரியை ‘என் பலகைக்கு M இருக்கிறதா இல்லையா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள், போதும்’ என்றார். எதிரில் இருந்தவர் உடனே ‘என் விடையில் M இருக்கிறது, நான் போடுகிறேன்’ என்றார். அன்றிலிருந்து எங்கள் ஆட்டத்தில் ஒருவரும் தம் விடையை முதலில் சொல்வதில்லை. தமக்கு வேண்டிய எழுத்தைச் சொல்கிறார்கள். நீங்களும் தங்கச்சியும் ஆளுக்கு இரண்டு பலகைகள் வைத்துக்கொண்டு இப்படி விளையாடிப் பாருங்கள். ஒரே ஆள் நான்கையும் பார்ப்பதைவிட விரைவாகப் பழக்கம் வரும்.

நம் ஆட்டத்தில் பலகைகள் கேட்பவை இவை. முதலாம் பலகைக்கு B, M, P மூன்றில் எது என்று தெரிந்தால் போதும்; மூன்றும் இல்லையென்றால் HATCH. இரண்டாம் பலகையில் M இருந்தால் PLUMB அல்லது PLUMP, இல்லாவிட்டால் BLUFF அல்லது FLUFF. அதன் பிறகு B அதைத் தீர்த்துவிடும். நான்காம் பலகையில் ஆறு சொற்கள் இருப்பதால் அதற்கு G, P, B, K, V எல்லாமே ஏதோ ஒரு வகையில் பயன்படும். ஆக M, B, P ஆகிய எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

இப்போது மூன்றாம் பலகைக்கு வருவோம். அங்கே DOGMA, VODKA என்று இரண்டு சொற்கள். எதைப் போட்டாலும் சரியாக அமைய அதே அளவு வாய்ப்புத்தான். தவறினாலும் மற்றது உறுதியாகிவிடும். அந்தப் பலகையை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் DOGMA கொண்டுவரும் புதிய எழுத்துகள் G, M; VODKA கொண்டுவருபவை V, K. V, K இரண்டும் நான்காம் பலகைக்கு மட்டுமே உதவும். M முதலாம், இரண்டாம் பலகைகளுக்கும், G நான்காம் பலகைக்கும் உதவும். ஆகவே DOGMA. ஒரு பலகைக்குள் சமமாக நிற்கும் இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முடிவை மற்ற மூன்று பலகைகள் எடுக்கின்றன என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய மிகத் திட்டமான விடை.

நான்காவது வாய்ப்பாக DOGMA போட்டதும் மூன்றாம் பலகை முழுவதும் பச்சையாகிறது. மிச்சம் இன்னும் 2. முதலாம் பலகையில் M சாம்பல், ஆகவே MATCH போய்விட்டது. இரண்டாம் பலகையிலும் M சாம்பல், ஆகவே PLUMB, PLUMP இரண்டும் போய்விட்டன. நான்காம் பலகையில் G சாம்பல், ஆகவே GROPE, GROVE போய்விட்டன. கொப்பிப் பக்கத்தில் இப்போது:

```
1: BATCH HATCH PATCH
2: BLUFF FLUFF
4: BROKE FROZE PROBE PROVE
```

இங்கேயும் ஒரு சோதனை வரும். இரண்டாம் பலகையில் இரண்டே சொற்கள்தானே, அதை முடித்துவிடலாமே என்று கை போகும். BLUFF போட்டால் B பற்றிய செய்தி மூன்று பலகைகளுக்கும் கிடைக்கும் என்பது உண்மை; அது மோசமான சொல் அல்ல. ஆனால் முதலாம் பலகை HATCH, PATCH என்ற இரட்டையில் நிற்கக்கூடும். குறைந்த சொற்கள் உள்ள பலகையை முதலில் முடிப்பது என்று ஒரு விதியை வைத்துக்கொண்டால் இந்த இடத்தில் நல்ல சொல்லைத் தவறவிடுவோம்.

நல்ல சொல் நான்காம் பலகையில் இருக்கிறது. PROBE என்ற சொல்லில் P, B இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. அதைப் போட்டால் என்னவாகும் என்று பலகை பலகையாகப் பாருங்கள். நான்காம் பலகையில் எல்லாம் பச்சையானால் PROBE தான் விடை. B மட்டும் சாம்பலானால் PROVE. P சாம்பலாகி B மஞ்சளானால் BROKE. இரண்டும் சாம்பலானால் FROZE. நான்கு சொற்களும் நான்கு வெவ்வேறு நிறக்கோலங்களைத் தருவதால், எது விடையாக இருந்தாலும் ஒரே தட்டில் தெரிந்துவிடும். முதலாம் பலகையில் P பச்சையானால் PATCH, B மஞ்சளானால் BATCH, இரண்டும் இல்லாவிட்டால் HATCH. இரண்டாம் பலகையில் B மஞ்சளானால் BLUFF, இல்லாவிட்டால் FLUFF. மூன்று பலகைகளில் மிஞ்சியிருந்த ஒன்பது சொற்களையும் இந்த ஒரே சொல் முழுதாகப் பிரித்துவிடுகிறது. அதுவே விடையாகவும் இருக்கக்கூடியது என்பதால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் மிச்சத்தைத் தொடாமலே இந்த வேலை முடிந்துவிடும்.

நம் ஆட்டத்தில் அது விடையாக அமையவில்லை. நான்காம் பலகையில் P சாம்பல், R பச்சை, O பச்சை, B மஞ்சள், E பச்சை, விடை BROKE. முதலாம் பலகையில் P பச்சை, விடை PATCH. இரண்டாம் பலகையில் B மஞ்சள், விடை BLUFF. மிச்சம் 1 ஆகிவிட்டது, ஆனால் கையில் 4 வாய்ப்புகளும் உறுதியாகத் தெரிந்த 3 விடைகளும் இருக்கின்றன. அந்த மூன்றையும் விரும்பிய வரிசையில் போடலாம். எட்டாவது வாய்ப்பில் ஆட்டம் முடிகிறது. தொடக்கத்தில் எல்லோருடைய கண்ணையும் இழுத்த PATCH பலகைக்கென்று தனியாக ஒரு தேடல் வாய்ப்பும் செலவாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு வேண்டிய M செய்தியை மூன்றாம் பலகையின் விடையும், P செய்தியை நான்காம் பலகைக்காகப் போட்ட ஊகமும் கொடுத்துவிட்டன.

DOGMA தவறி, மூன்றாம் பலகையின் விடை VODKA ஆக இருந்திருந்தால் என்ன செய்வது என்றும் நீங்கள் கேட்கலாம். அப்போது மிச்சம் 1, கையில் 5 வாய்ப்புகள், 4 பலகைகள். PROBE போடுவதற்கு முன்பு VODKA போட வேண்டும், ஏனென்றால் அது உறுதியான விடை, மிச்சத்தைத் தொடாது, V, K பற்றிய செய்தி இலவசமாகக் கிடைக்கும். நான்காம் பலகையில் K பச்சையாகி BROKE உறுதியாகிவிடும். அடுத்ததாக BROKE போட்டால் B பற்றிய செய்தி இலவசம்: இரண்டாம் பலகையில் B பச்சையாவதால் BLUFF, முதலாம் பலகையில் அது சாம்பலாவதால் BATCH நீங்குகிறது. ஏழாவதாக BLUFF போட்ட பிறகு HATCH, PATCH என்ற இரண்டு சொற்களுக்கு இரண்டு வாய்ப்புகள் இருக்கும். இந்தப் பாதையில் PROBE தேவைப்படவே இல்லை. உறுதியான விடைகளை அவை அவிழ்க்கும் வரிசையில் போட்டாலே பல ஆட்டங்கள் இப்படித் தாமாக ஓடிவிடும். அந்த வரிசையை மாற்றி, முதலில் PATCH பலகையைத் துரத்தியிருந்தால் இதே ஆட்டம் கைநழுவிப் போயிருக்கக்கூடும்.

எப்போதும் PROBE போன்ற ஒரு சொல் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கிடைக்காதபோது முடிவை மிச்சத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். மிச்சம் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால், எந்தப் பலகைக்கும் விடையாக முடியாத, ஆனால் வேண்டிய எழுத்துகளை ஒன்றாகச் சுமந்து வரும் ஒரு சொல்லைத் தயங்காமல் போடலாம். உதாரணமாக B, M, P மூன்றும் வேண்டியிருந்தால் BLIMP என்ற சொல் மூன்றையும் ஒரே தடவையில் கொண்டுவரும். மிச்சம் 1 ஆக இருந்தால் அப்படிப்பட்ட சொல் குறைந்தது இரண்டு பலகைகளையாவது தீர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் தீர்ப்பதற்குக் கடைசி மிச்சத்தைக் கொடுப்பது சரியல்ல. மிச்சம் 0 ஆகிவிட்டால் விடையாக இருக்கக்கூடிய சொல்லைத் தவிர வேறெதையும் போட முடியாது. அப்போது உறுதியானவை எல்லாவற்றையும் முதலில் போட்டு, அவற்றின் எழுத்துகள் சந்தேகமான பலகையில் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டு, ஊகிக்க வேண்டிய பலகையைக் கடைசியில் வைக்க வேண்டும்.

இனி, முறை சரியாக இருந்தும் ஆட்டம் கெடுகிற இடங்கள். மிக அடிக்கடி நடப்பது திரையின் கீழே உள்ள விசைப்பலகையைத் தவறாகப் படிப்பது. குவோர்டிலில் ஒவ்வொரு எழுத்தும் நான்கு கால்பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கால்பகுதியும் அதே மூலையில் உள்ள பலகையின் நிறத்தைக் காட்டும். சிறிய போன் திரையில் இந்தக் கால்பகுதிகள் நகத்தின் நுனியளவுதான் இருக்கும். நான் ஒரு முறை மேல் வலப்பக்கத்துச் சாம்பலைக் கீழ் வலப்பக்கத்துக்கு உரியதாக எடுத்துக்கொண்டு, சரியான விடையையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வாய்ப்புகள் வீணாயின. ஒரு பலகையில் சாம்பலான எழுத்து அந்தப் பலகைக்கு மட்டுமே சாம்பல் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வேகமாக விளையாடும்போது மூளை அதைப் பொதுவாக்கிவிடுகிறது. இந்தத் தவறு நடந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அறிகுறி உண்டு: ஒரு பலகைக்கு எவ்வளவு யோசித்தும் ஒரு சொல்லும் பொருந்தவில்லை என்றால், அகராதியைப் புரட்டுவதற்கு முன்பு அந்தப் பலகையின் வரிகளை மட்டும் மேலிருந்து கீழே ஒரு முறை படித்து, எழுத்துகளை மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்படி நேரும்போதெல்லாம் பெரும்பாலும் பிழை குறிப்பில்தான் இருக்கும்.

மற்றொரு சிக்கல் இரட்டித்து வரும் எழுத்து. நம் ஆட்டத்தில் WHINY போட்டபோது முதலாம் பலகையில் H மஞ்சளானது, அதன் விடையில் குறைந்தது ஒரு H உண்டு என்று மட்டுமே சொல்கிறது; இரண்டு இருக்கலாமா என்று அது சொல்லவில்லை. அதனால்தான் HATCH பட்டியலில் கடைசிவரை இருந்தது. BLUFF பலகையிலோ F ஒரு முறைகூடச் சோதிக்கப்படவில்லை, ஆனாலும் விடையில் அது இரண்டு முறை இருந்தது. மூன்று தொடக்கச் சொற்களுக்குப் பிறகும் ஒரு பலகையில் ஒன்று அல்லது இரண்டு எழுத்துகளுக்கு மட்டுமே நிறம் வந்திருந்தால், மிஞ்சிய எழுத்துகளில் ஒன்று இரட்டித்திருக்குமோ என்ற சந்தேகத்தை முதலிலேயே கொண்டுவாருங்கள். பதினைந்து எழுத்துகளில் பதின்மூன்று இல்லை என்று ஆன பிறகு, ஐந்து இடங்களை நிரப்ப வேறு வழி குறைவு.

தொடக்கச் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றையும் மந்திரம் போல ஒவ்வொரு நாளும் போடுபவர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டையும் மாற்றாமல் வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அந்தப் பத்து எழுத்துகளும் எந்தப் பலகையிலும் ஏதாவது சொல்லும். மூன்றாவதை மட்டும் திரையைப் பார்த்த பிறகு தீர்மானிக்க வேண்டும். STARE, CLOUD இரண்டிலேயே ஒரு பலகையின் விடை உறுதியாகி, அந்த விடையில் இரண்டு அல்லது மூன்று புதிய எழுத்துகள் இருந்தால், WHINY போடுவதைவிட அந்த விடையைப் போடுவது நல்லது, ஏனென்றால் WHINY மிச்சத்தில் ஒன்றைத் தின்னும், அந்த விடை தின்னாது. மூன்று பலகைகளில் ஏற்கனவே உயிரெழுத்துகள் இரண்டிரண்டு கிடைத்துவிட்டால் I எழுத்தைத் தேடுவதில் அவசரம் இல்லை. அப்போது N, H, Y மூன்றோடு P, M ஆகியவற்றையும் கொண்டுவரும் NYMPH எனக்குப் பிடித்த மாற்று. ஒரு பலகை T, A, C போன்ற எழுத்துகளைக் காட்டி, ATCH கூட்டத்தின் வாசனை வீசினால் NYMPH இன்னும் நல்லது: H கடைசியில் பச்சையாகி கூட்டத்தை உறுதிசெய்யும், அதே தட்டில் M, P இரண்டும் கூட்டத்தைப் பிளக்கவும் தொடங்கிவிடும்.